சுயவிவரச் சுருக்கத்தில் "ஜிஎஸ்டி நிபுணர்" என்று போடுவதா, "கணக்குப் பிரிவு முழுப் பொறுப்பு" என்று போடுவதா?

மாலதி_திருப்பூர்

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் 11 வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பி.காம். படிப்பு. கடந்த சில வருடங்களாகப் பிரிவே என் பொறுப்பில் ஓடுகிறது. எனக்குக் கீழே இரண்டு பேர். இரண்டு யூனிட், ஆண்டு விற்றுமுதல் 40 கோடி அளவில், 280 தொழிலாளர்கள்.

வேலை என்று பார்த்தால் எல்லாமும்தான். டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன், டிடிஎஸ், பிஎஃப், ஈஎஸ்ஐ, வங்கிக்கு மாதாமாதம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட், பேக்கிங் கிரெடிட், ஏற்றுமதி ஆவணங்கள். சரக்கை எல்யூடியில் அனுப்புகிறோம். அதனால் தேங்கும் உள்ளீட்டு வரியை RFD-01 போட்டுத் திரும்ப வாங்குவதும் நான்தான். வெளி ஆலோசகர் யாரும் இதில் இல்லை.

இப்போது இரண்டு இடத்துக்கு விண்ணப்பிக்கிறேன். ஒன்று கோவையில் பல ஆலைகள் உள்ள பெரிய குழுமம், மறைமுக வரிப் பிரிவில் உதவி மேலாளர். இன்னொன்று கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனம், அக்கவுண்ட்ஸ் மேனேஜர்.

ரெஸ்யூமே மேலே வரும் நான்கு வரிச் சுருக்கத்தில்தான் சிக்கல். அசல் ஆங்கிலத்தில் இருக்கிறது, இங்கே தமிழில் போடுகிறேன்:

"ஜிஎஸ்டி, டிடிஎஸ், பிஎஃப், ஈஎஸ்ஐ, வங்கி நடைமுறை, ஏற்றுமதி ஆவணங்கள், டேலி, எம்எஸ் எக்செல் ஆகியவற்றில் 11 ஆண்டு அனுபவம் பெற்ற, நேர்மையும் கடின உழைப்பும் கொண்ட கணக்கியல் வல்லுநர். குழுவாகவும் தனியாகவும் பணியாற்றக் கூடியவர். சவாலான பொறுப்பை எதிர்பார்க்கிறார்."

தோழி ஒருத்தி "ஜிஎஸ்டி நிபுணர்னு போடு, மத்ததை எடுத்துடு" என்கிறாள். எங்கள் தணிக்கையாளர் "எல்லாம் தெரியும் என்பதுதான் உன் பலம், அதை ஏன் மறைக்கிறாய்" என்கிறார். எதைக் கேட்பது?

---

ரீஃபண்ட்_ராஜா

ஜிஎஸ்டி நிபுணர் என்றே போடுங்க. நான் வரி ஆலோசகர் அலுவலகத்தில் இருக்கிறேன், இதில் சந்தேகமே வேண்டாம். எல்லாம் செய்பவருக்கு எப்போதும் சம்பளம் கம்மி. அப்புறம், ஆள் தேடுகிறவர்கள் நௌக்ரியில் ஒரு சொல்லைப் போட்டுத்தான் தேடுகிறார்கள். ஜிஎஸ்டி என்று தேடும்போது உங்கள் தலைப்பில் அது இருந்தால் மேலே வருவீர்கள். அக்கவுண்டன்ட் என்று இருந்தால் ஆயிரம் பேரில் ஒருவர். பிஎஃப், ஈஎஸ்ஐ எல்லாம் மூச்சு விடக்கூடாது.

---

பிரியா_பிகாம்

அக்கா, பொது வேலையிலேயே இருந்தால் வளர்ச்சி இல்லை என்பது உண்மைதான். நீங்கள் சிஎம்ஏ இன்டர் சேர்ந்துவிடுங்கள். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே எழுதலாம் என்கிறார்கள். பயிற்சி வகுப்பு கோவையில் நல்லதாக எது என்று யாராவது சொல்லுங்களேன்.

---

மாலதி_திருப்பூர்

பிரியா, படிப்பைப் பற்றிக் கேட்கவில்லைமா. இருக்கிற அனுபவத்தை நான்கு வரியில் எப்படிச் சொல்வது என்றுதான் கேட்டேன். வகுப்பு பற்றித் தனி இழை போடு, பதில் சொல்ல ஆள் இருப்பார்கள்.

ராஜா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் கரூர்க்காரர் ஜிஎஸ்டிக்கு மட்டும் ஆள் தேடவில்லையே?

---

நிர்மலா_எச்ஆர்

நான் நிதி, கணக்குப் பிரிவுகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலையில் நெடுநாள் இருந்தவள். கோவை, ஈரோடு, கரூர் எல்லாம் எனக்குப் பழக்கம். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன் மாலதி.

முதலில் ராஜா சொன்னதில் பாதி சரி. தேடல் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் ஜிஎஸ்டி என்ற ஒற்றைச் சொல்லைப் போட்டு யாரும் தேடுவதில்லை. போட்டால் கணக்கு எழுதுகிற எல்லாருமே வந்து நிற்பார்கள். "எக்ஸ்போர்ட் ரீஃபண்ட்", "RFD-01", "எல்யூடி" என்று கூடச் சேர்த்துத் தேடுவோம். அப்போதுதான் பட்டியல் சுருங்கும். உங்கள் வரைவில் அந்தச் சொற்கள் ஒன்றுகூட இல்லை. நீங்கள் 11 வருடம் செய்ததில் அபூர்வமான வேலை எதுவோ, அது காகிதத்திலேயே இல்லை. எக்செல் இருக்கிறது, கடின உழைப்பு இருக்கிறது.

அடுத்தது முக்கியம். நிபுணரா, எல்லாம் தெரிந்தவரா என்ற கேள்விக்கு நான் ஒரே ஒரு அளவுகோல்தான் வைப்பேன். எந்த வேலையில் கடைசி முடிவு உங்களுடையது? அதற்கு மேலே கேட்க ஆள் இல்லை, தப்பு வந்தால் நீங்கள்தான் நிற்க வேண்டும் என்கிற வேலை எது? நிபுணர் என்று போடுகிற சொல் அந்த எல்லையைத் தாண்டக்கூடாது. முழுப் பொறுப்பு என்று போடுவதும் அதே எல்லைக்குள் இருக்க வேண்டும்.

அதனால் ஒரு கேள்வி. ஜிஎஸ்டியில் நோட்டீஸ் வந்தால் பதில் எழுதுவது யார்? துறைத் தணிக்கை வந்தால் போய் உட்காருவது யார்? ஆலைக்குள் வாங்கும் பொருளின் வரி விகிதத்தில் சந்தேகம் வந்தால் முடிவெடுப்பது யார்?

---

மாலதி_திருப்பூர்

நோட்டீஸ் என்றால் விவரம் எல்லாம் நான் எடுத்துக் கொடுப்பேன், பதில் எழுதி அனுப்புவது எங்கள் தணிக்கையாளர் அலுவலகம். வரி விகிதச் சந்தேகமும் அவர்களிடம் கேட்போம். ரீஃபண்டில் மட்டும் ஆரம்பத்திலிருந்தே முழுக்க நான். ஆன்லைனில் ரீஃபண்ட் முழுதாக வருவதற்கு முன்பு, 2019 செப்டம்பர் வரை RFD-01A பிரிண்ட் எடுத்து எல்லா இணைப்புகளோடும் அதிகாரி அலுவலகத்தில் போய்க் கொடுக்க வேண்டும். அதையும் நானேதான் செய்தேன். குறைபாடு மெமோ RFD-03 வந்தாலும் என்ன குறை என்று பார்த்துத் திரும்பப் போடுவது நான்.

---

நிர்மலா_எச்ஆர்

பார்த்தீர்களா, அப்படியென்றால் நீங்கள் "ஜிஎஸ்டி நிபுணர்" இல்லை. "ஏற்றுமதி ரீஃபண்ட்" ஆள். இது குறைந்த பதவி என்று நினைக்காதீர்கள். கோவைக் குழுமத்தில் ஜிஎஸ்டி நிபுணர் என்று போட்டுக்கொண்டு போனால், நேர்காணலில் வரி மேலாளர் முதல் கேள்வியே ஷோகாஸ் நோட்டீஸ், மேல்முறையீடு என்று போய்விடுவார். அங்கே நீங்கள் தணிக்கையாளர் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கும். அப்புறம் ரீஃபண்டில் உங்களுக்கு எவ்வளவு தெரிந்திருந்தாலும் அவருக்கு நம்பிக்கை வராது. அதையே ஏற்றுமதி ரீஃபண்ட் என்று சுருக்கிப் போட்டால், கேள்வி நீங்கள் நிற்கிற மண்ணிலேயே வரும்.

என் பழக்கம் என்னவென்றால், நிபுணர் என்று சொல்கிறவரிடம் மூன்றாவது கேள்வி வரைக்கும் போவேன். உங்களிடம் இப்போதே கேட்கிறேன். ரீஃபண்ட் தொகை எப்படி வருகிறது? அது எல்லாருக்கும் தெரியும். சரி, தையல் மெஷின் வாங்கிய வரியை அதில் சேர்ப்பீர்களா? ஷிப்பிங் பில்லில் எஃப்ஓபி மதிப்பு ஒன்று, இன்வாய்ஸில் வேறொன்று இருந்தால் எதை எடுப்பீர்கள்?

---

மாலதி_திருப்பூர்

மெஷின் வரி சேராது. மூலதனப் பொருள் என்பதால் விதி 89(4)-இல் நெட் ஐடிசி கணக்கிலிருந்து அது வெளியே. மதிப்பு இரண்டில் எது குறைவோ அதை எடுக்க வேண்டும். எங்களுக்குச் சில வாங்குபவர்களுக்கு சிஐஎஃப் விலையில் பில் போடுவதால் இந்த வித்தியாசம் அடிக்கடி வரும். அதற்கென்று ஷிப்பிங் பில் வாரியாக ஒரு எக்செல் ஷீட் வைத்திருக்கிறேன். எஃப்ஓபி, இன்வாய்ஸ், எடுத்த மதிப்பு, போர்ட் கோடு, ஈஜிஎம் விவரம் எல்லாம் அதில் இருக்கும். மாத முடிவில் GSTR-1-உடன் ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் RFD-01 திறப்பேன்.

---

நிர்மலா_எச்ஆர்

இதுதான் சுருக்கத்தில் வர வேண்டியது. "நிபுணர்" என்ற சொல்கூட வேண்டாம், அந்த ஷீட் போதும்.

---

ரீஃபண்ட்_ராஜா

நிர்மலா மேடம், நான் சொன்னதும் அதுதானே? ரீஃபண்ட் என்று போடச் சொன்னால் போதும். இன்னொன்று, மாலதி அக்கா SB005 பிழை திருத்திய அனுபவத்தையும் போடலாம். ஏற்றுமதி ரீஃபண்டில் அதுதான் எல்லாரையும் அலைக்கழிப்பது. அந்தச் சொல் இருந்தால் உடனே கவனிப்பார்கள்.

---

நிர்மலா_எச்ஆர்

ராஜா, அங்கேதான் கவனம் வேண்டும். SB005 வருவது ஐஜிஎஸ்டி கட்டி அனுப்புகிறவர்களுக்கு. ஷிப்பிங் பில்லில் இருக்கிற இன்வாய்ஸ் எண்ணும் GSTR-1-இல் போட்டதும் ஒத்துவரவில்லை என்றால் சுங்கத்துறை அமைப்பில் அந்தப் பிழை விழும். அவர்களுக்கு ஷிப்பிங் பில்லே ரீஃபண்ட் விண்ணப்பம் மாதிரி, RFD-01 கிடையாது. மாலதி அனுப்புவது எல்யூடியில், வரி கட்டாமல். அவர் பாதை RFD-01. இரண்டையும் ஒரே வரியில் போட்டால், தெரிந்தவர் ஒரு பார்வையில் "இவர் எந்தப் பாதையில் வேலை செய்தார்?" என்று கேட்பார். மாலதி, ஐஜிஎஸ்டி கட்டி அனுப்பிய காலம் ஏதாவது உண்டா?

---

மாலதி_திருப்பூர்

ஆரம்பத்தில் கொஞ்ச காலம் உண்டு. அப்போது SB005 வந்திருக்கிறது. டேலியில் ஜிஎஸ்டி இன்வாய்ஸ் ஒரு வரிசை எண், ஏற்றுமதிப் பிரிவு போடும் வணிக இன்வாய்ஸ் வேறு வரிசை எண். GSTR-1-இல் 9A அட்டவணையில் திருத்தி சரி செய்தோம். பிறகு இரண்டு இன்வாய்ஸுக்கும் ஒரே எண் என்று மாற்றிவிட்டேன். அதற்கப்புறம் எல்யூடிக்கு வந்துவிட்டோம்.

---

ரீஃபண்ட்_ராஜா

சரி, இரண்டு பாதையும் கையால் செய்தவர் என்றால் அதைத் தனித்தனியாகச் சொல்லலாம். எங்கள் அலுவலகத்தில் வருகிற வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஐஜிஎஸ்டி கட்டுகிறவர்கள், அதனால் அப்படிச் சொன்னேன். ஆனால் சம்பள விஷயத்தில் நான் சொன்னதில் மாற்றமில்லை. ஒரே வேலையை ஆழமாகச் செய்கிறவருக்குத்தான் பேரம் பேச முடியும்.

---

ஈரோடு_மில்காரர்

நான் நூல் மில்லும் தறிப் பிரிவும் நடத்துகிறேன். கணக்குக்கு ஆள் எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். ராஜா தம்பி சொல்வது கோவையில் பெரிய குழுமத்துக்குப் பொருந்தும். என்னைப் போன்றவர்களுக்குப் பொருந்தாது. ரீஃபண்ட் மட்டும் பார்க்கிற ஆளுக்கு முழுச் சம்பளம் கொடுக்கும் அளவுக்கு எனக்கு வேலை இல்லை. அதை வெளியே ஆலோசகரிடம் கொடுத்துவிடுவேன். இந்தப் பக்கத்து நடுத்தர நிறுவனங்களில் நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆக, அந்த ஆழத்துக்குப் பேரம் பேச முடிகிற கதவுகள் இந்த ஊர்களில் கொஞ்சம்தான்.

எனக்கு வேண்டியது மாதம் மூடும் ஆள். 7-ஆம் தேதி டிடிஎஸ், 11-ஆம் தேதி GSTR-1, 15-ஆம் தேதி பிஎஃப், ஈஎஸ்ஐ, 20-ஆம் தேதி GSTR-3B. இடையில் வங்கி ஸ்டாக் ஸ்டேட்மென்ட். நான் வெளியூரில் வாங்குபவரோடு உட்கார்ந்திருக்கும்போது இதில் எதுவும் என்னைத் தேடி ஃபோனாக வரக்கூடாது. அதை யார் செய்வார் என்று ரெஸ்யூமே முதல் நான்கு வரியில் எனக்குத் தெரிய வேண்டும்.

ஆனால் மாலதிமா, உங்கள் வரைவைப் பார்த்தால் அது தெரியவில்லை. பிஎஃப், ஈஎஸ்ஐ, டேலி என்று வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள். எனக்கு வருகிற எல்லா ரெஸ்யூமிலும் இதே வரிசைதான் இருக்கிறது. உதவியாளராக வவுச்சர் போட்டவரும் இதையேதான் எழுதுகிறார். செய்தீர்களா, செய்ய வைத்தீர்களா, யாருக்காவது எடுத்துக் கொடுத்தீர்களா என்று எப்படி எனக்குத் தெரியும்?

---

நிர்மலா_எச்ஆர்

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. எல்லாம் தெரிந்தவர் என்று சொல்வதில் வருகிற பெரிய பிழையே இந்தப் பட்டியல்தான். சொற்களை அடுக்கினால் அகலம் தெரிவதில்லை. எவ்வளவு பெரிய இடத்தை நீங்கள் முழுதாகத் தாங்கினீர்கள் என்ற அளவு தெரிய வேண்டும். இரண்டு யூனிட், 40 கோடி, 280 பேர், இரண்டு உதவியாளர்கள், வெளி ஆலோசகர் இல்லாத ரீஃபண்ட். இந்த எண்கள் உங்கள் முதல் பதிவில் இருந்தன, ரெஸ்யூம் வரைவில் இல்லை. விற்றுமுதலைச் சொல்ல நிறுவனத்துக்குத் தயக்கம் இருக்கும் என்றால் யூனிட், தொழிலாளர் எண்ணிக்கை போதும். போட்டி நிறுவனத்துக்குப் போகிற ரெஸ்யூமில் துல்லியமான வியாபார எண் வேண்டாம்.

---

ஈரோடு_மில்காரர்

ஒரு கேள்வி கேட்கட்டுமா? நான் நேர்காணலில் எல்லாரிடமும் கேட்பது. ஸ்டாக் ஸ்டேட்மென்ட் போடும்போது சாயப்பட்டறையில் கிடக்கிற துணியை எங்கே காட்டுவீர்கள்?

---

மாலதி_திருப்பூர்

ஐயா, ஜாப் வொர்க்கரிடம் உள்ள சரக்கு என்று தனி வரியில் காட்டுவேன். டிராயிங் பவர் கணக்கில் அதை எடுத்துக்கொள்வார்களா என்பது எங்கள் சாங்ஷன் கடிதத்தில் இருக்கும் நிபந்தனையைப் பொறுத்தது. எங்களுக்கு நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங் எல்லாமே வெளியேதான். துணி எங்கே எத்தனை கிலோ நிற்கிறது என்று டெலிவரி சலான் வாரியாக வாராவாரம் பார்ப்பேன். ITC-04 போடவும் அதே பதிவேடுதான். ஒரு வருடத்துக்குள் திரும்பாத துணி இருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

---

ஈரோடு_மில்காரர்

இதை ஏன்மா ரெஸ்யூமில் போடவில்லை? எனக்கு இது ஒன்று போதும். கேட்டவர்களில் பல பேர் அந்தத் துணியை மொத்த ஸ்டாக்கில் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். வங்கியிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர் குடோனில் தேடும்போதுதான் பிரச்சினை தெரியும்.

---

மாலதி_திருப்பூர்

தினம் செய்வதால் அது தனியாகச் சொல்லும்படியான வேலை என்றே தோன்றவில்லை ஐயா.

நீங்கள் எல்லாரும் சொன்னதை வைத்து இரண்டு வரைவு எழுதியிருக்கிறேன்.

கோவைக்கு:

"ஆயத்த ஆடை ஏற்றுமதியில் ஜிஎஸ்டி ரீஃபண்டைத் தொடக்கம் முதல் சொந்தப் பொறுப்பில் கையாள்பவர். எல்யூடி ஏற்றுமதிக்கு RFD-01 தயாரிப்பு, ஷிப்பிங் பில் வாரியாக GSTR-1 ஒப்பீடு, RFD-03 குறைபாடுகளுக்குத் திருத்தம். முன்பு ஐஜிஎஸ்டி செலுத்திய ஏற்றுமதியில் SB005 பிழைத் திருத்தம். ஜாப் வொர்க் சரக்குப் பதிவும் ITC-04-உம். இரண்டு யூனிட்டின் முழுக் கணக்குப் பொறுப்போடு சேர்த்து 11 ஆண்டு அனுபவம்."

கரூருக்கு:

"இரண்டு யூனிட், 280 தொழிலாளர்கள் கொண்ட ஆடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர். இருவர் அடங்கிய குழுவோடு மாத முடிவு, வரி, பிஎஃப், ஈஎஸ்ஐ கெடுக்கள் அனைத்தும் சொந்தப் பொறுப்பில். பேக்கிங் கிரெடிட், ஸ்டாக் ஸ்டேட்மென்ட், வெளியில் நிற்கும் ஜாப் வொர்க் சரக்கின் வாராந்திரக் கணக்கு. ஏற்றுமதி ரீஃபண்ட் வெளி ஆலோசகர் இல்லாமல் உள்ளேயே."

எப்படி இருக்கிறது?

---

நிர்மலா_எச்ஆர்

இரண்டும் நன்றாக இருக்கின்றன. இரண்டிலும் இருப்பது ஒரே ஆள்தான் என்று தெரிகிறது, அதுவும் முக்கியம். கோவை வரைவில் கடைசி வரியில் முழுப் பொறுப்பை விடாமல் வைத்தது சரி. ரீஃபண்ட் பார்க்கிறவருக்கு உற்பத்தி எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் பெரிய குழுமத்தில் அது கூடுதல் மதிப்பு.

ஒரு திருத்தம். சுருக்கத்தை மாற்றினால் போதாது, அதற்குக் கீழே வருகிற அனுபவப் பகுதியின் வரிசையும் மாற வேண்டும். மேலே ரீஃபண்ட் என்று சொல்லிவிட்டு, கீழே முதல் புள்ளி "தினசரி வவுச்சர் பதிவு" என்று இருந்தால் படிக்கிறவர் கீழே இருப்பதைத்தான் நம்புவார். கோவைக்கு அனுப்புவதில் ரீஃபண்ட், ITC-04 இரண்டும் முதலில் வரட்டும். கரூருக்கு மாத முடிவும் வங்கியும் முதலில். பதவிப் பெயரை மட்டும் எதிலும் மாற்றாதீர்கள். நியமனக் கடிதத்தில் சீனியர் அக்கவுண்டன்ட் என்று இருந்தால் அப்படியே போடுங்கள். பின்னணிச் சரிபார்ப்பில் அதைத்தான் ஒத்துப் பார்ப்பார்கள்.

---

ரீஃபண்ட்_ராஜா

கோவை வரைவு அருமை. நௌக்ரி, லிங்க்ட்இன் இரண்டிலும் அதையே போட்டுவிடுங்கள். ரெஸ்யூமுக்கு இரண்டு வைக்கலாம், ஆனால் ஆன்லைனில் ஒன்றுதான் வைக்க முடியும். தேடி வருகிறவருக்கு ரீஃபண்ட்தான் கண்ணில் பட வேண்டும்.

---

ஈரோடு_மில்காரர்

அங்கே எனக்கு உடன்பாடில்லை. ரெஸ்யூம் வந்ததும் நான் ஆளை லிங்க்ட்இனில் பார்ப்பேன். என்னிடம் முழுப் பொறுப்பு என்று அனுப்பிவிட்டு, அங்கே ரீஃபண்ட் ஸ்பெஷலிஸ்ட் என்று இருந்தால், இவருக்கு இந்த வேலையில் மனசு இல்லை, வரி வேலை கிடைத்ததும் போய்விடுவார் என்று நினைப்பேன். நான் தப்பாக நினைக்கலாம். ஆனால் நினைப்பேன், கூப்பிட மாட்டேன்.

---

நிர்மலா_எச்ஆர்

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நான் வழக்கமாகச் சொல்வது: லிங்க்ட்இன் தலைப்பில் 220 எழுத்து இடம் இருக்கிறது. பதவியும் துறையும் முதலில், ஆழமான வேலை அடுத்து. "அக்கவுண்ட்ஸ் பொறுப்பாளர், ஆடை ஏற்றுமதி | எல்யூடி ரீஃபண்ட், RFD-01, ITC-04" என்கிற மாதிரி. தேடலுக்கு வேண்டிய சொற்கள் உள்ளே இருக்கும், ஐயா போன்றவர்களுக்கு முதல் பாதி போதும். ஸ்பெஷலிஸ்ட் என்ற பட்டம் தலைப்பில் இல்லாமலே தேடலில் வரலாம்.

ஆனால் இதில் ஒரு இழப்பு உண்டு. வரிப் பிரிவுக்கு ஆள் தேடுகிறவர் பட்டியலை மேலோட்டமாகப் பார்க்கும்போது, "அக்கவுண்ட்ஸ்" என்று தொடங்குகிற தலைப்பைத் தாண்டிப் போய்விட வாய்ப்பிருக்கிறது. மாலதிக்கு எது அதிகம் வேண்டும் என்பதைப் பொறுத்து அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

---

ஓசூர்_எலக்ட்ரிகல்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நான் ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவு. மோட்டார், பேனல், ஹைட்ராலிக், கம்ப்ரஸர் எல்லாம் பார்ப்பேன். பிஎல்சி கொஞ்சம் தெரியும். ஆட்டோமேஷன் வேலைக்குச் சம்பளம் அதிகம் என்பதால் "பிஎல்சி ஸ்பெஷலிஸ்ட்" என்று போடலாமா? மேலே சொன்ன கணக்கு எனக்கும் பொருந்துமா?

---

நிர்மலா_எச்ஆர்

உங்கள் துறை எனக்குக் குறைவாகத்தான் தெரியும் தம்பி. ஆனால் அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். லேடரில் புதிதாக லாஜிக் எழுதி லைனில் ஓட விட்டிருக்கிறீர்களா? இல்லை, ஆன்லைனில் போட்டு எந்த இன்புட் வரவில்லை என்று பார்த்து சென்சாரை மாற்றுகிறீர்களா?

---

ஓசூர்_எலக்ட்ரிகல்

இரண்டாவதுதான் மேடம். புரோகிராம் மாற்ற வேண்டும் என்றால் மெஷின் கொடுத்த கம்பெனியிலிருந்து ஆள் வருவார்.

---

நிர்மலா_எச்ஆர்

அப்படியென்றால் "பிஎல்சி உள்ள மெஷின்களில் பழுது கண்டுபிடித்தல்" என்று போடுங்கள். அது உண்மை, அதற்கும் நல்ல கிராக்கி இருக்கிறது. எந்தக் கம்பெனி பிஎல்சி, எந்த மாதிரி மெஷின் என்று சேர்த்துப் போடுங்கள். புரோகிராமர் தேடுகிறவர் உங்களை விட்டுவிடுவார். லைன் நிற்காமல் பார்க்க ஆள் தேடுகிறவர் கூப்பிடுவார்.

---

பிரியா_பிகாம்

நிர்மலா மேடம், எனக்கு மூன்று வருட அனுபவம்தான். ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ரிட்டர்ன் போடுகிறேன், கடைசியாகப் பார்த்து ஓகே சொல்வது சீனியர்தான். நீங்கள் சொல்கிற அளவுகோலில் என் கையில் எதுவுமே இல்லையே? நான் என்ன போடுவது?

---

நிர்மலா_எச்ஆர்

மூன்று வருடத்தில் அப்படித்தான் இருக்கும்மா. உன் கட்டத்தில் நிபுணர், முழுப் பொறுப்பு இரண்டுமே வேண்டாம். எத்தனை வாடிக்கையாளருக்கு, எந்தத் தொழிலில், எந்த ரிட்டர்ன் தயாரிக்கிறாய், மாதம் எத்தனை என்று மட்டும் எழுது. GSTR-2B-ஐ வாங்கல் பதிவோடு ஒத்துப் பார்ப்பது முதல்முறை உன் கைதான் என்றால் அதைச் சொல். சீனியர் சரிபார்க்கிறார் என்பதை மறைக்க வேண்டியதில்லை, கேட்டால் சொல்லலாம்.

---

ரீஃபண்ட்_ராஜா

இதில் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். மூன்று வருடத்தில்தான் ஒரு பக்கம் சாய வேண்டும். பிரியா, வருகிற வாடிக்கையாளர்களில் ஏற்றுமதிக்காரர் யார் என்று பார்த்து அந்த ஃபைல்களைக் கேட்டு வாங்கு. ஐந்தாவது வருடத்தில் உன் சுருக்கத்தில் எழுத ஏதாவது இருக்க வேண்டும் என்றால் இப்போதே தேர்ந்தெடுக்க வேண்டும்.

---

ஈரோடு_மில்காரர்

அந்த வயதில் எல்லா ஃபைலையும் பார்க்கட்டும் தம்பி. டிடிஎஸ் தெரியாமல் ரீஃபண்ட் மட்டும் தெரிந்த பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். ஒரு ஜாப் வொர்க் பில்லில் எதற்கு டிடிஎஸ் பிடிக்க வேண்டும் என்று கேட்டால் சொல்லத் தெரிவதில்லை.

---

மாலதி_திருப்பூர்

கோவைக்கும் கரூருக்கும் இன்று காலை அனுப்பிவிட்டேன். இரண்டிலும் அனுபவப் பகுதி வரிசையை மாற்றினேன், பதவிப் பெயர் நியமனக் கடிதத்தில் உள்ளதுபோலவே சீனியர் அக்கவுண்டன்ட்.

கரூர் வரைவில் பிஎஃப், ஈஎஸ்ஐயை விட்டுவிடலாமா என்று கடைசி வரை யோசித்தேன். அங்கே தனி எச்ஆர் பிரிவு இருக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். ஆனாலும் வைத்துவிட்டேன். லிங்க்ட்இன் தலைப்பை இன்னும் மாற்றவில்லை. ஈரோடு ஐயா, நீங்கள் சொன்னது பயமுறுத்துகிறது. ராஜா சொன்னதும் மனதில் இருக்கிறது. கரூரிலிருந்து பதில் வரும்வரை "சீனியர் அக்கவுண்டன்ட், ஆடை ஏற்றுமதி | எல்யூடி ரீஃபண்ட், ITC-04" என்று வைக்கிறேன்.

---

ஈரோடு_மில்காரர்

பிஎஃப், ஈஎஸ்ஐ இருக்கட்டும்மா. எச்ஆர் கணக்குப் போட்டாலும் 15-ஆம் தேதி பணம் கட்டுவது கணக்குப் பிரிவுதான்.

---

நிர்மலா_எச்ஆர்

கோவையிலிருந்து அழைப்பு வந்தால் அந்த ஷிப்பிங் பில் ஷீட்டின் மாதிரி ஒன்றை, வாங்குபவர் பெயரும் மதிப்பும் இல்லாமல், வெறும் தலைப்புகளோடு எடுத்துப் போங்கள். எந்தக் கட்டம் எதற்காக வைத்தீர்கள் என்று கேட்பார்கள்.